இசைக்காக இயக்குநர் எதை விட்டுக்கொடுத்தார்?

படம் பார்த்துவிட்டு வந்தவரிடம் கதை கேட்டால் திருதிருவென்று விழிப்பார். இடைவேளைக்கு முன் வந்த புல்லாங்குழலை மட்டும் பிசகாமல் முணுமுணுத்துக் காட்டுவார். இப்படிப்பட்டவர்கள் நம்மிடையே நிறையப் பேர் உண்டு. அவர்கள் ‘எந்தப் படம் பார்க்கலாம்?’ என்று கேட்டால், பாட்டுகள் ஹிட்டான படங்களைத்தான் நாம் வரிசையாகச் சொல்வோம். அதனால் அவர்களுக்குப் பயனில்லை. பாட்டு வேறு வேலை, பின்னணி இசை வேறு வேலை.

நம் ஊரில் பாட்டு பெரும்பாலும் படப்பிடிப்புக்கு முன்பே தயாராகிவிடும். நடனமும் காட்சியும் அதற்கு ஏற்ப அமையும். பின்னணி இசையோ கடைசிப் பந்தி. படத்தொகுப்பு முடிந்து, வெளியீட்டுத் தேதி கழுத்தை நெரிக்கும் நேரத்தில்தான் கோடம்பாக்கம் ‘ஆர்.ஆர்.’ என்று சொல்லும் ரீ-ரெக்கார்டிங் தொடங்கும். அதற்குள் வசனம், சண்டைச் சத்தம், வண்டிச் சத்தம் எல்லாம் இடம் பிடித்துவிட்டிருக்கும். மிச்சமிருக்கும் சந்துகளில்தான் இசையமைப்பாளர் நுழைய வேண்டும். எவ்வளவு பெரிய மேதையாக இருந்தாலும் சந்தில் என்ன செய்துவிட முடியும்? அதனால் இசையமைப்பாளர் பெயரைப் பார்த்து மட்டும் படம் தேர்ந்தெடுப்பது பாதி வேலைதான். இசைக்காக இயக்குநர் எதை விட்டுக்கொடுத்தார் என்று விசாரித்தால் மீதியும் தெரிந்துவிடும்.

செர்ஜியோ லியோனி 1968-இல் எடுத்த ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்’ படத்தை எடுத்துக்கொள்வோம். இசை எனியோ மோரிகோனி. இருவரும் ரோமில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். இந்தப் படத்தில் லியோனி வழக்கமான வரிசையைத் தலைகீழாக்கினார். முக்கியமான இசைத் துண்டுகளை மோரிகோனி படப்பிடிப்புக்கு முன்பே எழுதிப் பதிவு செய்துவிட்டார். படப்பிடிப்புத் தளத்தில் அதை ஒலிக்கவிட்டே நடிகர்களை நடக்க வைத்தார் லியோனி.

இதன் பலனை ஒரு காட்சியில் துல்லியமாகப் பார்க்கலாம். கிளாடியா கார்டினாலே நடித்த ஜில், ரயிலிலிருந்து இறங்குகிறாள். அழைத்துப்போக யாரும் வரவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு நிலைய அறைக்குள் போகிறாள். கேமரா வெளியிலேயே நின்று ஜன்னல் வழியாகப் பார்க்கிறது. அவள் எதையோ விசாரிக்கிறாள், பேச்சு நமக்குக் கேட்பதில்லை. எட்டா டெல்லோர்சோ என்ற பாடகியின், சொற்களே இல்லாத குரல் மட்டும் ஒலிக்கிறது. அவள் மறுபக்க வாசல் வழியே வெளியேறும்போது கேமரா நிலையத்தின் கூரையைத் தாண்டி மேலே ஏறுகிறது. அதே கணத்தில் வாத்தியக் குழு முழுவதும் சேர்ந்து எழ, கூரைக்கு அப்பால் ஒரு புதிய ஊர் விரிகிறது. கேமரா எவ்வளவு வேகத்தில் ஏற வேண்டும் என்பதை இசைதான் முடிவு செய்திருக்கிறது. படம் முடிந்தபின் இசை சேர்த்திருந்தால் இந்தப் பொருத்தம் கிடைத்திருக்காது. இங்கே லியோனி விட்டுக்கொடுத்தது வசனத்தை.

இன்னொன்றையும் அவர் விட்டுக்கொடுத்தார். படத்தின் தொடக்கத்தில் மூன்று அடியாட்கள் ரயிலுக்காகக் காத்திருக்கிறார்கள். பத்து நிமிடம் போல இசையே கிடையாது. காற்றாலை கிறீச்சிடுகிறது, ஒருவன் தொப்பியில் தண்ணீர் சொட்டுகிறது, இன்னொருவன் முகத்தில் ஈ மொய்க்கிறது. ரயில் வந்து கிளம்பிப் போகிறது. அப்போதுதான் ஒரு ஹார்மோனிகா கேட்கிறது. வாசிப்பவன் யார் என்று நாம் பார்ப்பதற்கு முன்பே அந்த ஒலி வந்து நிற்கிறது. அவன் ஏன் எப்போதும் அதையே வாசிக்கிறான் என்பதற்கான விடை கடைசியில்தான் வருகிறது. அதை இங்கே சொல்லமாட்டேன். கதையை அசட்டை செய்யும் ரசிகரையும் கதைக்குள் இழுத்துப் போட்டுவிடும் வாத்தியம் அது.

அப்படியானால் முன்கூட்டியே எழுதினால்தான் நல்ல இசை அமையுமா? ‘பதேர் பாஞ்சாலி’ (1955) அதை மறுக்கிறது. ரவிசங்கர் கச்சேரிகளுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில், படத்தை முழுதாகக்கூடப் பார்க்காமல், ஒரே அமர்வில் இரவோடு இரவாக அதன் இசையைப் பதிவு செய்து கொடுத்தார். ஆனாலும் சத்யஜித் ராய் அந்த இசைக்குக் கொடுத்த இடம் பெரியது. ஊர் திரும்பும் அப்பா ஹரிஹரர், மகள் துர்கா இறந்தது தெரியாமல், வாங்கிவந்த பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். துர்காவுக்கென்று வாங்கிய சேலையைப் பார்த்ததும் தாய் சர்பஜயா உடைந்து அழுகிறாள். அவள் வாய் திறந்திருக்கிறது, அழுகுரல் இல்லை. அதற்குப் பதில் தார் ஷெனாயின் உச்ச ஸ்வரங்கள் கேட்கின்றன. ஒலியைப் பெருக்க ஊதுகுழல் போன்ற கூம்பு பொருத்தி, வில்லால் வாசிக்கும் வாத்தியம் அது. ஒரு நடிகையின் உச்சக்கட்ட அழுகையைத் துடைத்துவிட்டு அந்த இடத்தை வாத்தியத்துக்குக் கொடுக்க எந்த இயக்குநருக்கும் துணிச்சல் வேண்டும்.

ஹிட்ச்காக் ‘சைக்கோ’வில் (1960) விட்டுக்கொடுத்தது தன் பிடிவாதத்தை. குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றுதான் முதலில் சொல்லியிருந்தார். பெர்னார்ட் ஹெர்மன் அதை மீறி, வயலின் குடும்ப வாத்தியங்களை மட்டும் வைத்து எழுதிப் போட்டுக் காட்டினார். ஹிட்ச்காக் மனம் மாறினார்.

தமிழில் இந்தக் கணக்குக்குச் சரியாகப் பொருந்துவது மிஷ்கினின் ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ (2013). விட்டுக்கொடுத்தது பாட்டுகளை. ஒரு பாட்டும் இல்லாத தமிழ்ப் படம் என்பது வியாபாரத்தில் சின்னத் தியாகம் அல்ல. காட்டிக்கொடுக்கும் வசனங்களும் குறைவு. யார் நல்லவன், யாரை நம்பலாம் என்ற ஐயத்தை வெகுநேரம் சுமப்பது இளையராஜாவின் வாத்தியங்கள்தான்.

எச்சரிக்கையாக ஒன்று. நாயகன் வரும்போதெல்லாம் அதிரும் முழக்கத்தை ரிங்டோனாக வைத்துக்கொள்கிறோம். அது நன்றாக இருப்பதால் படம் முழுவதும் நல்ல பின்னணி இசை இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். சந்தேகம் இருந்தால் நடுவிலிருந்து ஒரு பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். அம்மாவின் முகம் வாடுவதற்கு முன்பே வயலின் அழத் தொடங்கினால், இசை நமக்குக் கட்டளை போடுகிறது என்று பொருள். பத்து நிமிடத்தில் ஒருமுறைகூட இசை நிற்கவில்லை என்றாலும் சந்தேகப்படலாம். நிறுத்தத் தெரியாதவர்கள் தொடங்கும்போது நமக்கு எதுவும் நிகழ்வதில்லை.

தேடுவதற்குத் தேசிய விருதுப் பட்டியலும் உதவும். 2009-ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருதுகளில் பாட்டுக்கு ஒன்று, பின்னணி இசைக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு பின்னணி இசைக்கான விருது, ‘பழசிராஜா’வுக்காக இளையராஜாவுக்குக் கிடைத்தது. பிந்தைய ஆண்டுகளின் பட்டியலைப் புரட்டினால், பாட்டால் பேசப்படாத பல படங்கள் கண்ணில் படும்.

வீட்டில் பார்ப்பவர்கள் ‘முன்னுரையைத் தவிர்’ என்று வரும் பொத்தானை அழுத்தாதீர்கள். படத்தின் முக்கிய இசை பெரும்பாலும் அங்கேதான் அறிமுகமாகிறது. கைபேசியின் ஒலிபெருக்கியில் செல்லோவும் டபுள் பேஸும் காணாமல் போய்விடும், சுமாரான ஹெட்போன் இருந்தாலே போதும். டப்பிங்கைவிட மூலமொழியில், எழுத்துகளோடு பார்ப்பது நல்லது. டப்பிங்கில் பல நேரம் குரல் உரக்க ஒலித்து இசையை அமுக்கிவிடுகிறது. முதலில் ‘பதேர் பாஞ்சாலி’யில் தொடங்குங்கள், ஏறக்குறைய இரண்டு மணி நேரம்தான். லியோனியின் படத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓடும். துப்பாக்கிப் படம் என்று எதிர்பார்த்து உட்காருபவர்கள் அந்தக் காற்றாலைச் சத்தத்திலேயே தூங்கிப்போவார்கள், உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.