கடவுச்சொல் மறுபயன்பாடு

கடவுச்சொல் மறுபயன்பாடு என்பது ஒரே கடவுச்சொல்லை ஒன்றுக்கு மேற்பட்ட இணையக் கணக்குகளில் வைத்திருக்கும் பழக்கமாகும். கணினி நுட்பம் அறியாதவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கம் ஒன்றே ஒன்று எனில், அது இதுவே.

காரணம்

கணக்குகளைப் பறிப்பவர்கள் பெரும்பாலும் ஒருவரது கடவுச்சொல்லை ஊகித்துக் கண்டுபிடிப்பதில்லை. பாதுகாப்புக் குறைந்த ஏதோ ஒரு தளத்திலிருந்து பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகளும் கடவுச்சொற்களும் மொத்தமாகத் திருடப்படுகின்றன. அந்தப் பட்டியல் கைமாறுகிறது. பின்னர் ஒரு நிரல், பட்டியலில் உள்ள ஒவ்வொரு இணையையும் மின்னஞ்சல், கடை, சமூக வலைத்தளம் என வேறு தளங்களில் தானாகவே இட்டுப் பார்க்கிறது. எங்கெல்லாம் அதே கடவுச்சொல் உள்ளதோ அங்கெல்லாம் கதவு திறந்துகொள்கிறது.

2012 சூலையில் டிராப்பாக்சு நிறுவனம் இத்தகைய நிகழ்வு ஒன்றை அறிவித்தது. வேறு தளங்களில் திருடப்பட்ட கடவுச்சொற்களைக் கொண்டு அதன் சில கணக்குகளுக்குள் அயலார் நுழைந்திருந்தனர். அவற்றுள் ஒன்று அந்நிறுவன ஊழியர் ஒருவருடையது. அதில் பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகள் கொண்ட ஆவணம் ஒன்று இருந்தது. அம்முகவரிகளுக்கு எரிதங்கள் வரத் தொடங்கிய பிறகே செய்தி வெளிப்பட்டது. கணினித் துறையில் பணிபுரிபவரின் கணக்கும் இவ்வழியில் பறிபோனது.

ஒரே சொல்லின் இறுதியில் 1, 2 என எண்ணை மட்டும் மாற்றி வைப்பதும் போதாது. இத்தகைய சிறு மாற்றங்களையும் நிரல்களால் முயன்று பார்க்க முடியும்.

கருவி

நாற்பது தளங்களுக்கு நாற்பது கடவுச்சொற்களை எவராலும் நினைவில் வைக்க இயலாது. அவ்வேலையைக் கடவுச்சொல் மேலாளர் என்னும் மென்பொருள் செய்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் குரோம் உலாவியிலும் கூகுளின் கடவுச்சொல் மேலாளர் ஏற்கனவே உள்ளது. தனியாக நிறுவத் தேவையில்லை. புதிய கணக்கு தொடங்கும்போது அது பொருளற்ற நீண்ட கடவுச்சொல் ஒன்றை உருவாக்கிச் சேமித்து, மறுமுறை தானே நிரப்புகிறது.

இதில் மற்றொரு பயனும் உண்டு. மேலாளர் தளத்தின் முகவரியை ஒப்பிட்டுப் பார்த்தே கடவுச்சொல்லை நிரப்பும். வங்கியின் பக்கத்தைப் போலவே தோன்றும் போலிப் பக்கத்தின் முகவரி வேறாக இருப்பதால் அங்கு அது நிரப்பாது. வழக்கமாக நிரம்பும் கட்டம் வெறுமையாக இருந்தால், கையால் தட்டச்சிடும் முன் முகவரியைச் சரிபார்க்க வேண்டும்.

இக்கருவிக்கு எல்லைகளும் உண்டு. திரைப்பூட்டு இல்லாத கைப்பேசி பிறர் கையில் கிடைத்தால் கணக்குகளுக்கும் வழி கிடைத்துவிடும். தொலைபேசியில் பேசுபவரிடம் ஒருவர் தாமே ஓடிபி எண்ணைச் சொல்லிவிட்டால் எந்த மேலாளராலும் காக்க முடியாது.

செயல்

முதலில் மாற்ற வேண்டியது மின்னஞ்சலின் கடவுச்சொல். பிற தளங்களில் 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்பதை அழுத்தினால் மாற்றும் இணைப்பு மின்னஞ்சலுக்கே வருகிறது. ஆகவே மின்னஞ்சலைக் கைப்பற்றியவர் மற்ற பல கணக்குகளையும் ஒவ்வொன்றாகக் கைப்பற்ற முடியும்.

கூகுளின் மேலாளரைப் பயன்படுத்துவோருக்கு சிமெயில் கடவுச்சொல்லே அதன் சாவியும் ஆகும். சாவியைப் பெட்டிக்குள் மட்டும் வைத்துப் பூட்டினால், கைப்பேசி தொலைந்த நாளில் பெட்டியைத் திறக்க இயலாது. எனவே இந்த ஒன்று மட்டும் நினைவில் நிற்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரு நூலை ஐந்து இடங்களில் கண்ணை மூடித் திறந்து, விரல் படும் ஐந்து சொற்களை எடுத்து ஆங்கில எழுத்தில் எழுதலாம்:

```
eni-thapal-kinaru-pulippu-yanai
```

இது வடிவத்தைக் காட்டும் எடுத்துக்காட்டு மட்டுமே. இதையே வைக்கக் கூடாது. பழமொழி, பாடல் வரி, பிள்ளைகளின் பெயர், பிறந்த நாள் ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும்.

பின்னர் myaccount.google.com பக்கத்தில் Security எனத் தொடங்கும் பகுதிக்குச் சென்று Password என்பதைத் தேர்ந்தால், பழைய கடவுச்சொல்லைக் கேட்டபின் புதியதை ஏற்கும். அதை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வைக்கலாம். இணையவழித் திருடர்களுக்கு வீட்டு அலமாரி எட்டாது.

மற்ற கணக்குகளை ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. passwords.google.com பக்கத்தில் உள்ள Password Checkup, சேமித்த கடவுச்சொற்களுள் திரும்பத் திரும்பப் பயன்பட்டவை எவை, கசிந்தவை எவை என்று காட்டும். கசிந்தவற்றை முதலிலும் பிறவற்றை அந்தந்தத் தளத்துக்குச் செல்லும்போதும் மாற்றிக்கொள்ளலாம்.