வசனம் இல்லாமல் அனிமேஷனில் அழ வைப்பது எப்படி? ஒரு 12 விநாடிக் காட்சியின் கணக்கு

பிக்ஸாரின் 'அப்' (2009) படம் பார்த்திருக்கிறீர்களா? கார்லும் எல்லியும் பிறக்கப்போகும் குழந்தைக்காக ஒரு அறையைத் தயார் செய்துகொண்டிருப்பார்கள். கேமரா அப்படியே பக்கவாட்டில் நகரும். அடுத்து வருவது மருத்துவமனை அறை. எல்லி முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார், டாக்டர் கையை அசைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார். அவர் சொல்வது நமக்குக் கேட்காது. ஆனாலும் என்ன நடந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இப்படி ஒரு காட்சியை எப்படிக் கட்டுகிறார்கள்?

நடிகர் நடிக்கும் படத்தில் மௌனம் இலவசம். நடிகர் சும்மா உட்கார்ந்தாலே மூச்சு ஓடும், இமை துடிக்கும். அனிமேஷனில் யாராவது செய்து வைக்காமல் எதுவும் அசையாது. அதனால் இடைவெளி எத்தனை விநாடி, அதற்குள் என்ன அசைய வேண்டும் என்று முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் இயங்கும் டூன்ஸ் நிறுவனம் தயாரித்த தெனாலி ராமன் தொடர் 2003-ல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் வந்தது. தெனாலி பேசியே ஜெயிப்பவர். பேச்சே இல்லாத ஒரு காட்சியை அதே ஊரில் வைத்துக் கற்பனை செய்து பார்ப்போம்.

தம்பானூர் ரயில் நிலையம். வேலைக்காக வெளியூர் போகும் மகனை வழியனுப்ப அம்மா வந்திருக்கிறார். ரயில் கிளம்பிவிட்டது. வாழையிலையில் கட்டிய பொதிச்சோறு இன்னும் அவர் கையிலேயே இருக்கிறது, கொடுக்க மறந்துவிட்டார். மொத்தம் 12 விநாடி. விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால் 288 ஃபிரேம்.

முதல் 2 விநாடியில் கடைசிப் பெட்டி திரையை விட்டுப் போகிறது. அடுத்த 3 விநாடி அம்மா அதே திசையைப் பார்த்தபடி நிற்கிறார். இந்த 72 ஃபிரேம்தான் காட்சியின் உயிர். ரயில் போன பிறகும் அவர் அங்கேயே பார்ப்பதால், அவர் மனசு இன்னும் அந்தப் பெட்டியில் இருக்கிறது என்று நமக்குப் புரிகிறது.

அதற்கடுத்த 3 விநாடியில் பொதி நினைவுக்கு வருகிறது. முதலில் கண் மட்டும் கீழே இறங்கும், நாலைந்து ஃபிரேம் கழித்துத்தான் தலை பின்தொடரும். இரண்டும் ஒன்றாகத் திரும்பினால் அம்மா பொம்மையாகிவிடுவார். கண் முந்தினால் அவர் யோசிக்கிறார் என்று தோன்றும். பிறகு ஒரு இமைப்பு. சாதாரண இமைப்புக்கு 6 ஃபிரேம் போதும், இங்கே அதைப் போல மூன்று மடங்கு எடுத்துக்கொள்ளலாம். கட்டைவிரல் பொதியின் நூலை ஒருமுறை தடவுகிறது. மூச்சு வெளியேற, தோள் கொஞ்சம் தாழ்கிறது. அவ்வளவுதான், கண்ணீர் வேண்டாம்.

மீதி 4 விநாடிக்குக் கேமரா அம்மாவின் முதுகுக்குப் பின்னால் தூரமாகப் போய்விடுகிறது. நீண்ட காலி பிளாட்பாரம், அதன் ஓரத்தில் சின்னதாக அம்மா. முகம் தெரியாது. 'அப்' படத்தின் மருத்துவமனைக் காட்சியிலும் கேமரா முகத்துக்குக் கிட்டே போகாமல் விலகித்தான் நிற்கும். அழுகிற ஒருவரை நேருக்கு நேர் உற்றுப் பார்க்க நமக்கே கூச்சமாக இருக்கும், இல்லையா? அந்தக் கூச்சத்தைத்தான் கேமராவும் காட்டுகிறது.

எங்கே சொதப்பும்?

அந்த 72 ஃபிரேமில் அம்மாவை முழுசாக நிறுத்திவிட்டால் வீடியோ மாட்டிக்கொண்டது போல இருக்கும். கையால் வரையும் 2டி-யில் ஒரே படத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தாலும் கண் ஏற்றுக்கொள்ளும் (செலவும் மிச்சம்!). 3டி-யில் அப்படி நின்றால் உருவம் செத்துவிடும். அதனால் 'மூவிங் ஹோல்டு' வைப்பார்கள். நெஞ்சு மெதுவாக ஏறி இறங்கும், தலை மிக லேசாகச் சாயும், போன ரயிலின் காற்றில் புடவைத் தலைப்பு ஆடி அடங்கும்.

இதற்கு நேர்மாறான தப்புதான் அதிகம் நடக்கும். சும்மா நிற்கிறதே என்று பயந்து புருவத்தைத் தூக்குவது, தலையை ஆட்டுவது, உதட்டை நடுங்க வைப்பது. ஒரே நேரத்தில் மூன்று அசைந்தால் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் கட்டைவிரலைத் தவறவிடுவோம்.

3 விநாடிதான் சரியா என்பதை 'அனிமேட்டிக்'கிலேயே சோதிக்க வேண்டும். தோராயமான ஸ்டோரிபோர்டு படங்களை நேரக்கணக்கோடு ஓட்டிப் பார்ப்பதுதான் அது. ஒரு விநாடி, 3 விநாடி, 6 விநாடி என்று மூன்று விதமாக ஓட்டி, கதை தெரியாத ஒருவரிடம் சத்தமில்லாமல் காட்டி, "என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். "மகனுக்குச் சாப்பாடு கொடுக்க மறந்துட்டாங்க" என்றால் காட்சி நிற்கிறது. "யாருக்கோ காத்திருக்காங்க" என்றால், இடைவெளியை நீட்டிப் பயனில்லை. குறை அதற்கு முன்னால் இருக்கிறது. விடியற்காலையில் அடுப்படியில் அம்மா அந்த இலையை வாட்டிச் சோறு கட்டும் ஷாட்டை முதலில் சேர்க்க வேண்டும்.