பதிப்புகள் ஒத்துப்போகுமா?

பைத்தான் நிரலாளர் `pip install` என்று கட்டளையிட்டதும், அந்தக் கருவி சில வேளைகளில் ஒரே பேக்கேஜின் பழைய பதிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக இறக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கும். இணையம் மெதுவாக இருப்பது இதற்குக் காரணமல்ல. ஒத்துவராத பதிப்பைக் கைவிட்டு, பின்வாங்கி, வேறொன்றை முயலும் முறை 2020இல் வந்த 20.3 பதிப்பிலிருந்து அதில் இருக்கிறது.

பேக்கேஜ் ஒவ்வொன்றும் வேறு சிலவற்றின் குறிப்பிட்ட பதிப்புகளைக் கேட்கும். எதிலும் ஒரே ஒரு பதிப்பைத்தான் நிறுவலாம். யாராவது ஒரு பட்டியலைக் கொடுத்தால் எல்லாம் பொருந்துகிறதா என்று நொடியில் சரிபார்த்துவிடலாம். அந்தப் பட்டியலைக் கண்டுபிடிப்பதுதான் பாடு.

எவ்வளவு கடினம்? ஸ்டீபன் குக் 1971இல் ஒரு தர்க்கப் புதிரை ஆராய்ந்தார். 'x உண்மை, அல்லது y உண்மை, அல்லது z பொய்' என்பது போன்ற பல நிபந்தனைகள் ஒருசேர நிறைவேற வழியுண்டா என்பதே அந்தப் புதிர். விடையை விரைவில் சரிபார்க்க முடிகிற எந்தச் சிக்கலையும் இந்தப் புதிராக மாற்றியெழுதலாம் என்று அவர் நிறுவினார். இப்படிப்பட்ட சிக்கல்களே என்.பி.-முழுமை வகை. இவற்றில் ஒன்றுக்கு வேகமான வழி கிடைத்தாலும் எல்லாவற்றுக்கும் கிடைத்துவிடும். இதுவரை ஒருவருக்கும் கிடைக்கவில்லை.

இப்போது அந்தப் புதிரைப் பேக்கேஜ்களாக எழுதுவோம். x, y, z ஒவ்வொன்றும் ஒரு பேக்கேஜ். பதிப்பு 1 என்றால் உண்மை, 0 என்றால் பொய். மேலே சொன்ன நிபந்தனைக்கு C என்றொரு பேக்கேஜ். அதன் முதல் பதிப்பு x 1ஐக் கேட்கும், இரண்டாவது y 1ஐ, மூன்றாவது z 0ஐ. எல்லா நிபந்தனைப் பேக்கேஜ்களையும் கேட்கும் செயலி ஒன்றையும் சேர்த்தால் வேலை முடிந்தது. செயலியை நிறுவ முடிந்தால் புதிருக்கு விடை உண்டு, முடியாவிட்டால் இல்லை. மாற்றியெழுத ஆகும் நேரமும் புதிரின் அளவுக்கேற்பவே கூடுகிறது. பல்லுறுப்புக்கோவை நேர மாற்றம் என்பது இதுதான்.

திசையில் பலர் தடுமாறுவார்கள். பேக்கேஜ் சிக்கலைத் தர்க்கப் புதிராக மாற்றினால், அதற்கான தீர்வுக் கருவிகளைப் பயன்படுத்தலாம் என்பது மட்டுமே தெரியும். ஓபன்சூசே லினக்ஸ் அப்படித்தான் செய்கிறது. கடினம் என்று நிறுவ, புதிரிலிருந்து பேக்கேஜுக்கு வர வேண்டும்.

இந்த நிரூபணம் மிக மோசமான நிலையைப் பற்றியது. அன்றாடப் பட்டியல்கள் பெரும்பாலும் சட்டென்று தீர்ந்துவிடும். தேடல் இழுத்தால், பதிப்பு வரம்புகளை நிரலாளரே இறுக்கிக் கொடுப்பது உதவும்.

நிரூபணத்தை ஊன்றிப் படித்தால் கடினம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியும்: x 0, x 1 இரண்டும் சேர்ந்திருக்கக் கூடாது என்ற விதி அதில் ஒன்று. `npm` அதைத் தளர்த்தி, ஒரே பேக்கேஜின் பல பதிப்புகளை அருகருகே வைக்கிறது. கோ மொழிக்காக ரஸ் காக்ஸ் 2018இல் முன்வைத்த முறையோ, 'குறைந்தது இந்தப் பதிப்பு' என்று மட்டும் கேட்க விடுகிறது. கேட்டவற்றுள் மிகப் புதியதை எடுத்தால் போதும், தேடலே இல்லை. அதற்கு விலையும் உண்டு: பழைய நிரல்களை உடைக்கும் பெரிய மாற்றம் செய்யும் நூலக ஆசிரியர், `/v2` என்று முடியும் புதிய பெயரில் அதை வெளியிட வேண்டும்.