வேகத்துக்குப் புள்ளி வேண்டாம்

வெவ்வேறு ஊர்களிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கான இணைய வினாடி வினா பெரும்பாலும் புள்ளிக் கணக்கில்தான் சறுக்குகிறது. கஹூட் செயலியில் சரியான விடைக்கு வழக்கமாக அதிகபட்சம் 1000 புள்ளி. நேரம் ஆக ஆக அது 500 வரை இறங்கும். 20 நொடிக் கேள்விக்கு 4 நொடியில் பதில் சொன்னால் 900, 8 நொடியானால் 800. கேள்வி ஜூம் திரையில் மட்டும் தெரிந்தால், இணைப்பு மந்தமான ஊர்க்காரருக்கு அது பிந்தி வரும். விடை தெரிந்தும் புள்ளி போகும். சரியாகச் சொன்னவரே தொடர்ந்து பின்தங்குவது இதன் அடையாளம். கேள்வியை அவரவர் கைபேசியிலேயே காட்டலாம். அதைவிட நல்லது, ஊர்களைக் கலந்து நால்வர் அணிகள் அமைத்து, பத்துக் கேள்விகள் கொண்ட மூன்று சுற்றுகளிலும் அணிக்கு ஒரே விடைத்தாள் வாங்குவது. சரியான விடைக்கு ஒரு புள்ளி, வேகத்துக்கு எதுவுமில்லை. புள்ளிகள் சமமானால் ஓர் எண்ணை ஊகிக்கச் சொல்லி, நெருங்கி வந்த அணிக்கு வெற்றி தரலாம். பரிசுக்கு மின் கூப்பனே போதும்; கூரியர் எல்லா ஊருக்கும் ஒரே நாளில் போய்ச் சேராது.