வைவா மேசையில் ஒரு கடைவாய்ப் பல்

பல் மருத்துவப் படிப்பில் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் நோயாளியின் வாயைத் தொடுவதில்லை. டைஃபோடான்ட் என்னும் செயற்கைத் தாடையில் பொருத்திய பல்லில்தான் சொத்தையை அகற்றி, அடைப்பதற்கான குழி வெட்டப் பழகுகிறார்கள். மாணவர்களின் பேச்சில் இதன் பெயர் கேவிட்டி பிரிபரேஷன். இந்தியாவின் பி.டி.எஸ். பாடத்திட்டத்தில் இந்தப் பகுதிக்கு எழுத்துத் தேர்வு கிடையாது. செய்முறையும் வைவாவும் மட்டுமே. ஆகவே ஏன் அப்படி வெட்டினோம் என்பதை மாணவர் வாயால் சொல்லித்தான் மதிப்பெண் வாங்க வேண்டும். கையால் நன்றாக வெட்டிய பலர் இங்கே தடுமாறுகிறார்கள். காரணம் பெரும்பாலும் அறியாமையல்ல; எதை முதலில் சொல்வது என்ற வரிசை இல்லாததுதான்.

அதிகம் கேட்கப்படும் குழி ஒன்றை எடுத்துக்கொண்டால் அந்த வரிசை புலப்படும். மேசையில் கீழ்த்தாடை இடப்பக்க முதல் கடைவாய்ப் பல் இருக்கிறது. பற்களுக்கு எண் கொடுக்கும் முறையில் அது 36. அதன் மெல்லும் பரப்பிலும், முன்னால் இருக்கும் 35-ஐத் தொடும் மீசியல் பக்கத்திலும் அமால்கம் அடைப்புக்காகக் குழி வெட்டப்பட்டுள்ளது. தேர்வாளரின் முதல் கேள்வி அநேகமாக, 'இது என்ன?' என்பதாகவே இருக்கும். 'கிளாஸ் டூ' என்று மட்டும் சொன்னால் அது பாதிப் பதில். எந்தப் பல், எந்தெந்தப் பரப்புகள், எந்த வகை, எந்தப் பொருளுக்காக என்று நான்கையும் இதே வரிசையில் சொல்வது நல்லது. ஜி.வி. பிளாக் வகுத்த பிரிவுகளில், பின்பற்கள் ஒன்றையொன்று நோக்கும் பக்கங்களில் வரும் சொத்தை இரண்டாம் வகை. பொருளின் பெயரைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவதில் ஒரு லாபம் உண்டு. அடுத்து வரும் ஏறக்குறைய எல்லாக் கேள்விக்கும் விடை அமால்கத்தின் குணத்திலிருந்தே பிறக்கிறது. அமுக்கினால் அது தாங்கும். மெல்லியதாக இருந்தாலோ இழுத்தாலோ உடையும். பல்லோடு தானாக ஒட்டாது.

அடுத்து வெட்டும் படிகளைக் கேட்பார்கள். குழியின் எல்லைக்கோடும் தொடக்க ஆழமும் முதலில். பிறகு எதிர்ப்பு வடிவம், பிடிப்பு வடிவம், கருவி எட்டுவதற்கான வசதி வடிவம். இவை தொடக்கக் கட்டம். மிஞ்சிய சொத்தையை அகற்றுவது, பல்கூழைப் பாதுகாப்பது, தேவைப்பட்டால் கூடுதல் பிடிப்பு, சுவர்களைச் சீராக்குவது, கடைசியில் குழியைக் கழுவிச் சுத்தம் செய்வது ஆகியவை இறுதிக் கட்டம். மனப்பாடம் செய்தவர் இந்தப் பட்டியலை ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவார். தேர்வாளர் நடுவில் நிறுத்தி, 'சொத்தையை ஏன் முதலிலேயே எடுப்பதில்லை?' என்று கேட்டால் ஒப்பித்தவர் திகைத்து நிற்பார். தொடக்கக் கட்டத்தில் சுவர்களும் தளமும் சரியான ஆழத்தில், நல்ல பல்திசுவில் அமைந்துவிடுகின்றன. அதன் பிறகு ஆழத்தில் எஞ்சிய இடம் மட்டும் கண்ணுக்குத் தெரியும். அதை மட்டும் எடுத்தால் போதும். சொத்தையைத் துரத்திக்கொண்டே முதலில் இறங்கியவரின் குழி உருவமற்றுப் போகும், பல்கூழும் ஆபத்துக்குள்ளாகும்.

ஆழத்தைப் பற்றிய கேள்விக்கு எண்ணை மட்டும் சொன்னால் தேர்வாளர் விடமாட்டார். 36-இன் மெல்லும் பரப்பில் தளத்தின் ஆழம் 1.5 முதல் 2 மி.மீ. வரை. இதற்கு இரண்டு காரணங்கள். அமால்கம் உடையாமலிருக்க அந்த அளவு தடிமன் தேவை. மேலும் தளம் எனாமலைத் தாண்டி டென்டினுக்குள் 0.2 மி.மீ. அளவாவது போயிருக்க வேண்டும், ஏனென்றால் டென்டினுக்கு மீள்தன்மை உண்டு, மெல்லும் விசையை அது தாங்கிக்கொள்ளும். 'இந்த ஆழத்தை எப்படி அளந்தாய்?' என்பது வழக்கமான தொடர் கேள்வி. 245 எண் பர்ரின் வெட்டும் தலை 3 மி.மீ. நீளம், அதில் பாதி இறங்கினால் 1.5 மி.மீ. கருவியின் அளவே அளவுகோலாகிவிடுகிறது. பல தேர்வாளர்கள் பர் எண்ணைக் கேட்பதே இந்தத் தொடர்பை மாணவர் கவனித்தாரா என்று பார்க்கத்தான். இதற்குப் பின்னால் ஒரு பொறி இருக்கலாம்: ஓரிடத்தில் சொத்தை 3 மி.மீ. வரை போயிருந்தால் தளம் முழுவதையும் அந்த ஆழத்துக்கு இறக்குவதா? கூடாது. தளம் தன் ஆழத்திலேயே இருக்கும். மென்மையான பகுதியை மட்டும் ஸ்பூன் எக்ஸ்கவேட்டராலோ மெதுவாகச் சுழலும் உருண்டை பர்ராலோ எடுத்து, அந்தப் பள்ளத்தில் பாதுகாப்புப் பூச்சு வைக்க வேண்டும்.

எதிர்ப்பு வடிவமும் பிடிப்பு வடிவமும்தான் அதிகமாகக் குழம்பும் இடம். இங்கே வரையறையிலிருந்து தொடங்குவதே பாதுகாப்பானது. மெல்லும்போது பல்லோ அடைப்போ உடையாமல் காப்பது எதிர்ப்பு. அடைப்பு கழன்றோ சாய்ந்தோ வெளியே வராமல் காப்பது பிடிப்பு. இரண்டையும் பிரித்துச் சொன்ன பிறகு குழியிலிருந்தே சான்றுகளைக் காட்டலாம். தட்டையான தளம், உருட்டிய உள்மூலைகள், குறுகிய அகலம், போதிய ஆழம் ஆகியவை எதிர்ப்புக்கு. அடியில் சற்று அகன்று மேலே வரவரக் குறுகும் சுவர்கள் பிடிப்புக்கு. மெல்லும் பரப்பில் வெட்டிய டவ்டெயிலும் பிடிப்புக்கே. தச்சர் இழுப்பறையின் மூலையில் செய்யும் பூட்டு மூட்டைப்போல, அடைப்பு பக்கவாட்டில் 35-ஐ நோக்கி நழுவாமல் அது தடுக்கிறது. இந்தச் சான்றுகளை வாயால் சொல்வதோடு நிற்காமல், எக்ஸ்ப்ளோரர் முனையால் ஒவ்வோர் இடத்தையும் தொட்டுக் காட்டலாம். கண் குழியின் மேல் இருந்தால் பதற்றம் குறையும், வாயும் வரிசை தவறாது.

'எல்லாச் சுவரும் மேல்நோக்கிக் குறுகுமா?' என்று இப்போது தேர்வாளர் கேட்டால் மாணவர் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். ஆமாம் என்பதே உடனே நாவில் வரும், அது தவறு. இந்தக் குழியின் பின்புறச் சுவர் பின்னாலுள்ள ஓர மேட்டை நோக்கியிருக்கிறது. அந்தச் சுவரையும் உள்ளே தோண்டினால் மேட்டின் அடியிலிருந்த டென்டின் போய்விடும். எனாமல் தாங்குவாரின்றி நின்று உடையும். எனவே மேடு மெல்லியதாக இருக்கும் இடத்தில் அந்தச் சுவரை வெளிநோக்கிச் சற்றுச் சாய்த்து வெட்டுகிறார்கள். கடைவாய்ப் பல்லில் மேட்டின் தடிமன் 2 மி.மீ.க்குக் குறையாமல் இருக்க வேண்டும். விதியை மட்டும் தெரிந்தவர் இங்கே மாட்டிக்கொள்வார். விதிக்கான காரணத்தைத் தெரிந்தவர், இதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்டிராவிட்டாலும், டென்டின் தாங்காத எனாமல் நிற்காது என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு விடைக்கு வந்துவிடுவார்.

பக்கவாட்டுப் பெட்டியைப் பற்றிய கேள்விகள் வேறு விதமானவை. இவை செய்முறை நேர்மையைச் சோதிக்கின்றன. '35-ஐக் கீறாமல் எப்படி வெட்டினாய்?' பர்ரை எனாமல் டென்டின் எல்லையில் கீழே இறக்கி, வெளிப்பக்கத்தில் எனாமலின் மெல்லிய தகட்டை விட்டுவைக்க வேண்டும். அந்தத் தகடுதான் பக்கத்துப் பல்லுக்குக் காவல். பெட்டி முடிந்த பின் கைக்கருவியால் அதை உடைத்து எடுப்பார்கள். ஈறுப்பக்கத் தளத்துக்கும் 35-க்கும் இடையே சுமார் அரை மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். மேட்ரிக்ஸ் பட்டையை நுழைக்கவும், விளிம்பைச் சுத்தமாக்கிப் பார்க்கவும் அது தேவை. மேசையிலிருக்கும் பல்லில் எக்ஸ்ப்ளோரர் முனை அந்த இடைவெளியில் நுழையவில்லை என்றால், தேர்வாளர் கேட்குமுன் மாணவரே ஒப்புக்கொள்வது மேல். தன் குழியின் குறையைத் தானே காட்டி, எப்படித் திருத்துவேன் என்று சொல்பவருக்கு அனுபவமுள்ள தேர்வாளர்கள் இடம் கொடுப்பார்கள்.

விளிம்புக் கோணம் 90 பாகை என்பது எல்லோருக்கும் தெரிந்த விடை. ஏன் என்பதற்குக் குழியின் இருபுறமும் பார்க்க வேண்டும். குழியின் சுவரும் பல்லின் வெளிப்பரப்பும் 90-ஐவிட விரிந்த கோணத்தில் கூடினால் அமால்கத்தின் விளிம்பு மெலிந்து உதிரும். குறுகிய கோணத்தில் கூடினால் எனாமலின் நுண்கோல்கள் அடியில் ஆதாரமின்றி நின்று உடையும். மெல்லும் பரப்பிலிருந்து வரும் கன்னப்பக்கச் சுவர் பெட்டியில் சேரும் இடத்தில் சிறிய எதிர்வளைவு கொடுப்பதும் இந்த 90-ஐக் காப்பாற்றத்தான். ஈறுப்பக்க விளிம்பில் நிரந்தரப் பல்லின் நுண்கோல்கள் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால், அங்கே ஜிஞ்சைவல் மார்ஜின் டிரிம்மரால் விளிம்பைச் சற்றுச் சரித்துவிடுகிறார்கள். பால்பல்லில் அந்தக் கோல்கள் மெல்லும் பரப்பை நோக்கிச் சாய்ந்திருக்கும். அதனால் அங்கே இந்தச் சரிவு வேண்டியதில்லை. தேர்வாளர்களுக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பால்பல் என்ற சொல்லை அவர்கள் சாதாரணமாக நுழைத்துவிடுவார்கள்.

எண்ணிக்கைக் கேள்வியும் உண்டு: இரண்டு சுவர்கள் சந்திக்கும் கோட்டு மூலைகள் எத்தனை? 11 என்ற விடையை மறந்தவர் பதறத் தேவையில்லை, குழியைப் பார்த்து எண்ணலாம். மெல்லும் பரப்பில் ஐந்து, பெட்டியில் ஐந்து, இரண்டையும் இணைக்கும் ஆக்சியோபல்பல் மூலை ஒன்று. கடைசியாகச் சொன்ன அந்த ஒன்றை ஏன் உருட்டுகிறோம் என்பது உடனே வரும் கேள்வி. கூர்மையாக விட்டால் விசை அங்கே குவியும், அதன் மேலுள்ள அமால்கமும் மெலிந்துபோகும். அடைப்பு உடைவது பெரும்பாலும் அந்தக் கழுத்துப் பகுதியில்தான்.

வைவா பெரும்பாலும் அமால்கத்துக்கு மாற்று பற்றிய கேள்வியில் வந்து நிற்கும். பாதரசப் பயன்பாட்டைக் குறைக்க 2013-இல் மினமாட்டா உடன்படிக்கை உருவானது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 தொடக்கத்திலிருந்து, மருத்துவர் அவசியம் எனக் கருதும் நோயாளிகளைத் தவிர, அமால்கத்தைத் தடை செய்தது. 'இதே பல்லைக் கம்போசிட்டால் அடைத்தால் குழி எப்படி மாறும்?' என்று தேர்வாளர் கேட்டால் புதிய பட்டியல் தேடத் தேவையில்லை. முதல் கேள்வியில் சொன்ன பொருளின் குணத்துக்கே திரும்பலாம். கம்போசிட் பல்லோடு ஒட்டுகிறது. ஆகவே டவ்டெயில், குறுகும் சுவர்கள் போன்ற பிடிப்பு ஏற்பாடுகள் பெரும்பாலும் வேண்டாம். அமால்கம் அளவுக்குத் தடிமன் கேட்பதில்லை. ஆகவே சீரான ஆழமும் கட்டாயமில்லை. சொத்தை இருக்கும் அளவுக்கே குழி போதும். ஆனால் ஈரம் பட்டால் ஒட்டாது. எனவே ஈறுக்கு அருகில் எனாமல் இல்லாத விளிம்பில், எச்சிலையும் ரத்தத்தையும் தடுக்க முடியாத நிலையில், அது சரியான தேர்வல்ல.