பாஸ்புக்கில் இரண்டு வட்டி

மார்ச் முடிந்து பாஸ்புக்கில் பதிவு போட்டு வாங்கினால், வட்டி என்று வரவு வைத்த வரிகள் ஏழெட்டாவது இருக்கும். எல்லாம் ஒரே கணக்கில் வந்த பணம்தான். ஆனால் வருமான வரிச் சட்டம் அந்த வரிகளை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறது. சேமிப்புக் கணக்கில் கிடக்கும் பணத்துக்கு வந்த வட்டி ஒன்று. வைப்புத் தொகைக்கு வந்த வட்டி இன்னொன்று. முதலாவதற்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை கழிவு உண்டு. இரண்டாவதற்கு, அறுபது வயது ஆகாதவர்களுக்கு, ஒரு ரூபாய்கூடக் கிடையாது.

கழிவைத் தரும் பிரிவு 80TTA. 2012 பட்ஜெட்டில் வந்தது. வங்கி, கூட்டுறவு வங்கி, அஞ்சலகம் ஆகிய மூன்றிலும் உள்ள சேமிப்புக் கணக்குகளின் வட்டியை ஒன்றாகக் கூட்டி, அதற்கு 10,000 வரை கழித்துக்கொள்ளலாம். வட்டி 6,000 என்றால் கழிவும் 6,000தான். ஒரு வங்கிக்கு 10,000 என்றில்லை, ஒருவருக்கு 10,000. ஃபிக்சட் டெபாசிட்டும் மாதாமாதம் கட்டும் ஆர்.டி.யும் குறிப்பிட்ட தவணைக்குப் பிறகு திரும்பத் தரவேண்டிய பணம் என்பதால் இதில் சேராது. தனியார் நிதி நிறுவனத்தில் போட்ட டெபாசிட்டுக்கும் இந்தச் சலுகை இல்லை.

அந்த 10,000 வரம்பு வந்த நாளிலிருந்து மாறவேயில்லை. அப்போது பெரிய வங்கிகள் சேமிப்புக் கணக்குக்கு 4 சதவீதம் கொடுத்தன. ஆண்டு முழுக்க இரண்டரை லட்சம் கிடந்தால் வரம்பு நிரம்பிவிடும். இரண்டரை சதவீதம் தரும் கணக்கில் அதே வட்டிக்கு நான்கு லட்சம் கிடக்க வேண்டும். அவ்வளவு பணத்தைச் சேமிப்புக் கணக்கில் சும்மா போட்டு வைக்கிற சிறுசேமிப்பாளர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை.

சிக்கல் தொடங்குவது ஆட்டோ ஸ்வீப்பில். எஸ்.பி.ஐ.யில் இதை எம்.ஓ.டி. என்பார்கள். கணக்கில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் பணம் சேர்ந்தால் மிச்சத்தை வங்கியே டெபாசிட்டாக மாற்றிவிடும். தேவைப்பட்டு எடுத்தால் டெபாசிட்டை உடைத்துக் கொடுக்கும். ஏ.டி.எம்.மில் எடுக்கலாம், செக் கொடுக்கலாம் என்பதால் நமக்கு அது சேமிப்புக் கணக்குப் பணமாகவே தோன்றும். வட்டியும் அதே பாஸ்புக்கில்தான் விழும். ஆனால் சட்டத்தின் கண்ணில் அது டெபாசிட் வட்டி.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அலுவலர்; சொந்த ஊரில் வீட்டுக் கடன், வேலை பார்க்கும் ஊரில் வாடகை. அதனால் பழைய வரி முறையே அவருக்கு லாபம். 20 சதவீத வரம்பில் வருகிறார். 2025-26ல் ஒரே வங்கியில் அவருக்குச் சேமிப்பு வட்டி 6,200, ஸ்வீப் வட்டி 14,300, தனியாகப் போட்ட ஃபிக்சட் டெபாசிட்டுக்கு 33,000. பாஸ்புக்கைப் பார்த்து 6,200ஐயும் 14,300ஐயும் கூட்டி, சேமிப்பு வட்டி 20,500 என்று காட்டி, 10,000 கழிக்கிறார். டெபாசிட் வட்டியைக் காட்டவே இல்லை. “பேங்க்ல டி.டி.எஸ். பிடிக்கலையே, அப்புறம் எதுக்குக் காட்டணும்?” என்பது அவர் வாதம்.

இரண்டு இடத்தில் தவறு. கழிவு 6,200தான், கூடுதலாக எடுத்த 3,800க்குச் செஸ் சேர்த்து 790 ரூபாய் வரி வரும். அது சில்லறை. விட்டுப்போன 33,000க்கு வரும் வரி 6,864 ரூபாய். வங்கி டி.டி.எஸ். பிடிக்காததற்குக் காரணம் வேறு: ஸ்வீப்பும் டெபாசிட்டும் சேர்ந்து 47,300; அறுபது வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு ஒரு வங்கியில் ஆண்டு டெபாசிட் வட்டி 50,000ஐத் தாண்டினால்தான் பிடிப்பார்கள். பிடிக்கவில்லை என்பதால் வரி இல்லை என்று ஆகிவிடாது. சேமிப்பு வட்டிக்கு எவ்வளவு வந்தாலும் டி.டி.எஸ். பிடிப்பதே இல்லை, ஆனால் அதையும் வருமானத்தில் காட்டத்தான் வேண்டும்.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. வருமான வரித் தளத்தில் ஏ.ஐ.எஸ். என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்தால், வங்கி அனுப்பிய விவரத்தில் சேமிப்பு வட்டி ஒரு தலைப்பிலும் டெபாசிட் வட்டி வேறொரு தலைப்பிலும் இருக்கும். நம் அலுவலரின் அறிக்கையில் 6,200 என்றும் 47,300 என்றும் தெரியும். வங்கி தரும் வட்டிச் சான்றிதழோடு ஒத்துப் பார்த்துக்கொள்வது நல்லது, ஏ.ஐ.எஸ்.ஸிலும் தவறு வருவதுண்டு. ரிட்டர்னில் முதலில் முழு வட்டியையும் பிற வருமானமாகக் காட்டி, பிறகுதான் கழிவு கேட்க வேண்டும். கழிவு போக மிச்சத்தை மட்டும் காட்டினால் அறிக்கையோடு பொருந்தாது.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு 80TTA கிடையாது. நாம் எதையும் சொல்லாவிட்டால் 2023-24 முதல் நமக்குப் பொருந்துவது புதிய முறைதான். பதறத் தேவையில்லை: 2025-26ல் புதிய முறையில் 12 லட்சம் வரை சாதாரண வருமானம் உள்ளவருக்குத் தள்ளுபடி போக வரியே வராது. ஆக, சிறுசேமிப்பாளருக்காக வந்த இந்தக் கழிவால் பெரும்பாலும் பயன் பெறுபவர், பெரிய சம்பளமும் பெரிய கழிவுகளும் வைத்துக்கொண்டு பழைய முறையிலேயே தங்கியவர். எனக்கு இது விந்தையாகத்தான் படுகிறது.

உண்மையான சிறுசேமிப்பாளருக்குப் பயன்படுவது இரண்டு. ஒன்று, அஞ்சலகச் சேமிப்புக் கணக்கின் வட்டியில் தனிக் கணக்குக்கு 3,500, கூட்டுக் கணக்குக்கு 7,000 ரூபாய் வரை உள்ள விலக்கு. இது புதிய முறையிலும் உண்டு. பழைய முறையில் இந்த விலக்கு போக மிஞ்சியதை மட்டும் 80TTA கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். மற்றது 15ஜி படிவம். மொத்த வரி பூஜ்யமாக இருந்து, ஆண்டின் வட்டித் தொகையும் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டாவிட்டால், ஏப்ரலிலேயே இதை வங்கியில் கொடுத்து டி.டி.எஸ்.ஸைத் தவிர்க்கலாம். கொடுக்க மறந்து 10 சதவீதம் பிடித்துவிட்டால், ரிட்டர்ன் போட்டுத்தான் திரும்ப வாங்க வேண்டும். 2026 ஏப்ரலில் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால், அதற்குப் பிந்தைய வருமானத்துக்குப் பிரிவு எண்கள் வேறு. இங்கே சொன்னதெல்லாம் 2025-26 கணக்குக்கு.

அறுபது ஆனவருக்குப் பழைய முறையில் வேறு பிரிவு, 80TTB. 2018 பட்ஜெட்டில் வந்தது. இதில் சேமிப்பு, ஃபிக்சட் டெபாசிட், ஆர்.டி. எல்லாவற்றின் வட்டிக்கும் சேர்த்து 50,000 வரை கழிக்கலாம். ஆகவே ஸ்வீப் குழப்பம் அவருக்கு இல்லை. ஆனால் 80TTAவையும் சேர்த்துக் கேட்க முடியாது. அவருக்கு டி.டி.எஸ். வரம்பு 1 லட்சம், கழிவு வரம்பு 50,000. வட்டி 90,000 வந்தால் வங்கி எதையும் பிடிக்காது. கழிவு போக 40,000 வருமானத்தில் சேரும். மார்ச் 31க்குள் அறுபது நிறைந்தால் அந்த ஆண்டு முழுவதற்கும் மூத்த குடிமகன்தான். ஏப்ரல் 1ஆம் தேதி பிறந்தவருக்கும் முந்தைய நாளிலேயே வயது நிறைந்ததாகக் கொள்ளலாம் என்று வருமான வரித் துறை 2016ல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது.