ஒரு வாரம் ஆன்லைன் வகுப்பு: டேட்டா எங்கே போகுது?

2020 ஜூலையில் மத்திய அரசு 'பிரக்யதா' என்ற பெயரில் ஆன்லைன் வகுப்புக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. 1 முதல் 8 வரை படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு பாடவேளை, 9 முதல் 12 வரை நான்கு. ஒவ்வொன்றும் 30-லிருந்து 45 நிமிஷம். கண்ணையும் உடம்பையும் யோசித்து வைத்த வரம்பு அது. அதையே டேட்டா கணக்காக மாற்றினால் என்ன வரும் என்று போட்டுப் பார்த்தேன்.

தென்னூர் பக்கம் ஒரு சாதாரண வீட்டை எடுத்துக்கொள்வோம். அண்ணன் ஒன்பதாவது, தங்கச்சி அஞ்சாவது. வீட்டுக்கு ஒரே சிம், நாளைக்கு 1.5 ஜிபி. அண்ணன் அப்பா போனில் உட்கார்ந்திருப்பான். தங்கச்சிக்குப் பழைய போன் ஒன்று, ஹாட்ஸ்பாட்டில்.

முதலில் ஒரு குறுக்கு வழி. செயலிகள் வேகத்தை கிலோபிட்டில் சொல்லும், ரீசார்ஜ் கடையில் மெகாபைட்டில் சொல்வார்கள். எட்டு பிட் ஒரு பைட். ஆகவே விநாடிக்கு இத்தனை கிலோபிட் என்பதை 0.45-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை எம்பி என்று வந்துவிடும். நல்ல தரமான வீடியோவுக்கு ஒரு திசைக்கு 600 கிலோபிட் வேண்டும் என்கிறது ஜூம். அப்படியென்றால் மணிக்கு 270 எம்பி. ஆனால் அது ஒரு திசைக்கு மட்டும்தான். டீச்சர் முகம் உள்ளே வருகிற அதே நேரத்தில் பிள்ளையின் முகம் வெளியே போகிறது. இரண்டும் சேர்ந்தால் 540.

அண்ணனுக்கு நாளைக்கு மூன்று மணி நேரம், 1620 எம்பி. தங்கச்சிக்கு ஒன்றரை மணி நேரம், 810. அஞ்சு நாளைக்கு மொத்தம் 12 ஜிபிக்கு மேல். நெட் மோசமானால் செயலி தானாகவே தரத்தைக் குறைத்துக்கொள்ளும், அதனால் இதை மேல் அளவு என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் வாரக் கணக்கை விட நாள் கணக்குதான் முக்கியம். தினசரி பேக்கில் ஞாயிற்றுக்கிழமை மிச்சமாவது திங்கட்கிழமைக்கு வராது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேமராவோடு ஆரம்பித்தால் 85 நிமிஷத்தில் 1.5 ஜிபி காலி, இரண்டாவது பாடம் முடிவதற்குள்ளேயே. அதற்குப் பிறகு பல பேக்குகளில் வேகம் 64 கிலோபிட்டுக்கு இறங்கிவிடும். ஜூம் கணக்குப்படி வெறும் குரலுக்கே 60-லிருந்து 80 வேண்டும். படம் உறைந்து, டீச்சர் குரல் துண்டு துண்டாக வருவது அதனால்தான். தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அப்படி ஆனால் டவரைத் திட்டாதீங்க, பேக் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இப்போது பிள்ளைகளின் கேமராவை மட்டும் அணைத்துப் பாருங்கள். வெளியே போகிற வீடியோ நின்றுவிடும். மீதி 270, குரலுக்கு ஒரு 36. நாலரை மணி நேரத்துக்கு சுமார் 1380 எம்பி. இரண்டு பேரின் வகுப்பும் அதே 1.5 ஜிபிக்குள் அடங்கிவிடும், நூலிழையில்தான் என்றாலும்! வருகைப் பதிவு எடுக்கும்போது மட்டும் கேமராவைப் போட்டால் போதும். வகுப்பு முழுக்க முகம் தெரிந்தாக வேண்டும் என்று பள்ளிக்கூடம் சொன்னால், அதற்கு ஆகும் செலவு பெற்றோர் பாக்கெட்டிலிருந்து போகிறது.

மீதிப் பாதி டீச்சர் கையில் இருக்கிறது. புத்தகப் பக்கத்தையோ கணக்கையோ திரையில் பகிர்ந்து, தன் கேமராவையும் அணைத்துவிட்டுப் பேசினால், திரைக்கு 50-லிருந்து 75 கிலோபிட்தான் ஆகிறது. குரலோடு சேர்த்து மணிக்கு 70 எம்பி. நாலரை மணி நேரம் 315-இல் முடிந்துவிடும், வாரத்துக்கு 1.6 ஜிபி. ஆனால் அசையாத பக்கத்துக்குத்தான் இந்தக் கணக்கு. பகிர்ந்த திரையில் யூடியூப் வீடியோவை ஓடவிட்டால் எல்லார் வீட்டிலும் டேட்டா எகிறும். அதற்கு இணைப்பை அனுப்பி 240p-யில் பார்க்கச் சொல்வதே மேல். கல்வி தொலைக்காட்சியில் வருகிற பாடமாக இருந்தால் கேபிளிலேயே பார்க்கலாம், டேட்டா ஒரு பைட்கூட செலவில்லை.

2021 ஜனவரியில் தமிழக அரசு நாளைக்கு 2 ஜிபி என்று இலவச டேட்டா கார்டு அறிவித்தது. நாலு மாசத்துக்கு, அதுவும் அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரி மாணவர்களுக்கு. பள்ளிப் பிள்ளைகள் வீட்டு பேக்கில்தான் ஓட்டவேண்டி இருந்தது.

லேப்டாப்பை ஹாட்ஸ்பாட்டில் இணைக்கிற வீடுகளில் கணக்கே வேறு. 25 முகங்களைக் கட்டம் கட்டமாகக் காட்டும் Gallery view-க்கு உள்ளே வர மட்டும் 2000 கிலோபிட், அதாவது மணிக்கு 900 எம்பி. Speaker view-க்கு மாற்றிவிடுங்கள். விண்டோஸில் அந்த ஹாட்ஸ்பாட்டை Metered connection என்று குறித்து வைத்தால், பாட நேரத்தில் அப்டேட் இறங்கித் தொலைக்காது.

உங்கள் வீட்டு அளவு தெரிய, போன் செட்டிங்ஸில் ஒவ்வொரு செயலிக்கும் ஆன டேட்டாவை ஒரு வகுப்புக்கு முன்னும் பின்னும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஹாட்ஸ்பாட்டில் போனது தனி வரியில் இருக்கும். அப்படியே வாட்ஸ்அப் வரியையும் பாருங்கள். வகுப்புக் குழுவில் நாற்பது பிள்ளைகள் வீட்டுப்பாட வீடியோ போட்டால் நாற்பதும் உங்கள் போனில் இறங்கக்கூடும். Media auto-download-இல் மொபைல் டேட்டாவுக்கான எல்லா டிக்கையும் எடுத்துவிட்டால், தொடுகிற வீடியோ மட்டும்தான் இறங்கும்.